பெட்ரோல் மூடி மூடுனதுக்கப்பறமும் லைட் எரியுதா? கேபிளை மொதல்ல பாருங்க

கேள்வி: ஏனுங்க, எங்க கார் எட்டு வருசம் பழசு. பெட்ரோல் போட்டுட்டு நல்லா அமுக்கி மூடுனாலும் மீட்டர்ல மூடி தொறந்திருக்கற மாதிரி சிம்பல் அணையவே மாட்டேங்குது. சீட்டுக்குப் பக்கத்துல இருக்கற லீவரும் இப்பல்லாம் இறுக்கமாயிருச்சு. சென்சார் போயிருச்சு மாத்தோணும்ங்கறாங்க. மாத்தலாமா, இல்ல அப்படியே ஓட்டலாமா?

பதில்:

சென்சார் வாங்கறத செத்த நேரம் நிறுத்தி வைங்க. லீவர் இறுக்கமாயிருச்சுன்னு கடைசில ஒரு வரி எழுதியிருக்கீங்களே, பாதி விசயம் அதுலயே இருக்குதுங்க. எல்லாரும் லைட்டை ஒரு கோளாறுன்னும் லீவரை வேற ஒரு கோளாறுன்னும் தனித்தனியா நினைச்சுக்கறாங்க, ஆனா பழைய வண்டில இந்த ரெண்டும் ஒட்டுக்கா வந்தா பெரும்பாலும் லீவரோட கேபிள்தான் மொதல்ல கெட்டிருக்கும், லைட் அதோட வெளைவு. கேபிளை விட்டுட்டு சென்சாரை மட்டும் மாத்துனா காசு போகும், லைட் அப்படியே எரியும்.

மொதல்ல சிம்பல் அதுதானான்னு ஒருக்கா உறுதி பண்ணிக்கோங்க. பங்க்ல இருக்கற பம்ப் படம் மட்டும் மஞ்சளா எரிஞ்சா பெட்ரோல் கொறைஞ்சிருக்குதுன்னு அர்த்தம், அந்த பம்ப் படத்துக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருந்தா அது டேங்க் மூடி எந்தப் பக்கம் இருக்குதுன்னு காட்டறதுக்கு, அது எப்பவுமே இருக்கும். மூடி தொறந்திருக்குதுங்கற சிம்பல் பெரும்பாலும் ஒரு கார் படம் போட்டு பின்பக்கத்துல சின்ன கதவு தொறந்து நிக்கற மாதிரி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி படம் கொஞ்சம் மாறும், வண்டி கூட குடுத்த புக்குல பாத்துக்கலாம். இஞ்சின் படம் போட்ட லைட் இதுல சேராது. வெளிநாட்டு வீடியோவுல உள்ள திருகற கேப் லூசா இருந்தா இஞ்சின் லைட் வரும்னு காட்டுவாங்க, அது டேங்க்ல இருந்து ஆவி கசியுதான்னு கம்ப்யூட்டர் சோதிக்கறதுனால வர்றது, கேப்பை இறுக்குனாலும் கொஞ்ச நாள் ஓட்டுனதுக்கப்பறந்தான் அணையும். நம்ம லைட் அப்படியில்லீங்க, தொறந்தா உடனே எரியும், சரியா மூடுனா உடனே அணையும். அதனால கேப்பை மாத்தறதுல ஒரு பிரயோசனமும் இல்ல.

இனி கீழ எழுதறதுல வெளிய பாடியோட ஒட்டி இருக்கற சின்ன கதவை ஃப்ளாப்னும் உள்ள திருகற மூடியை கேப்னும் சொல்றேன், கொழப்பிக்காதீங்க.

லீவரை மேல தூக்குனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா புரிஞ்சுரும். லீவருக்கு அடில இருந்து ஒரு கேபிள் கெளம்புது, பைக் கிளட்ச் கேபிளாட்டவே வெளிய ஒரு அவுட்டர், உள்ள ஒரு ஸ்டீல் இன்னர். நம்மூர் வண்டில டிரைவர் வலது பக்கம், ஆனா நெறைய மாடல்ல பெட்ரோல் போடற பக்கம் இடது. அதனால கேபிள் வலது பக்க கதவோரத்து பிளாஸ்டிக் பட்டிக்கு அடில பின்னால போயி, பின்சீட்டுக்கு அடில குறுக்க திரும்பி, இடது பக்க டிக்கி டிரிம்முக்கு உள்ள ஏறி ஃப்ளாப்புக்கு போய் சேருது. நீளமும் எச்சு, வளைவும் எச்சு. அங்க முனைல ஒரு பின் இருக்குது, அதுக்குப் பின்னால சின்ன ஸ்பிரிங். ஃப்ளாப்போட உள்பக்கத்துல இருக்கற கொக்கி அந்த பின்னுல மாட்டிக்கும். லீவரை தூக்குனா பின் உள்ள இழுத்துக்கும், கொக்கி விடுபடும், ஃப்ளாப்புல இருக்கற தகடு ஸ்பிரிங் ஒரு விரல் அளவு வெளிய தள்ளிவிடும். லீவரை விட்டா பின் ஸ்பிரிங் பின்னை பழையபடி வெளிய தள்ளோணும். ஃப்ளாப்பை அமுக்கும்போது பின்னோட சாஞ்ச மூக்கு மேல கொக்கி வழுக்கிட்டு போயி டக்னு மாட்டும்.

இதுல முக்கியமான விசயம் ஒண்ணு இருக்குதுங்க. இழுக்கறதுக்கு உங்க கை இருக்குது, கேபிள் எவ்வளவு இறுகியிருந்தாலும் கொஞ்சம் பலமா தூக்குனா ஃப்ளாப் தொறந்துரும். ஆனா திரும்பி வர்றதுக்கு அந்த சின்ன ஸ்பிரிங் ஒண்ணுதான். அவுட்டருக்குள்ள துருவோ மண்ணோ சேந்து இன்னர் கொஞ்சம் பிடிச்சாலே ஸ்பிரிங்கால அந்த முழு நீளத்தையும் இழுத்துட்டு வர முடியாது. அப்ப பின் முழுசா வெளிய வராம பாதில நிக்கும். நீங்க ஃப்ளாப்பை மூடுவீங்க, மூடுனாப்பல இருக்கும், ஆனா கொக்கி பின்னோட நுனியை மட்டும் பிடிச்சிட்டு நிக்கும். ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் வெளிய தூக்கலா நிக்கறது கண்ணுக்கு தெரியாது, ஸ்விட்சுக்கு தெரியும். அதனால கேபிள் கெடறது தொறக்கும்போது தெரியறதுக்கு முன்னாடியே மூடும்போது தெரிஞ்சுரும், லைட் வடிவத்துல.

ஸ்விட்ச்னு சொன்னேன், அது பெரிய சென்சாரெல்லாம் இல்லீங்க. கதவு தொறந்தா உள்ள லைட் எரியறதுக்கு கதவோரத்துல இருக்குமே, அதே சாதி சின்ன அமுக்கற ஸ்விட்ச். சில வண்டில ஃப்ளாப்பே நேரா அதை அமுக்கும், சில வண்டில லாக்குக்குள்ளயே சேந்திருக்கும். ரெண்டுலயும் வேலை ஒண்ணுதான், ஃப்ளாப் முழுசா உள்ள போய் உக்காந்துச்சா இல்லையான்னு மீட்டருக்கு சொல்றது.

இப்ப உங்க வண்டிக்கு வாங்க. ஒரு ஆளை டிரைவர் சீட்ல உக்கார வெச்சு சாவியை ஆன்ல மட்டும் வெக்கச் சொல்லுங்க, இஞ்சின் வேண்டாம். நீங்க வெளிய நின்னு மூடுன ஃப்ளாப்பை கட்டைவிரல்ல நல்லா உள்பக்கமா அழுத்திப் பிடிங்க, மொதல்ல கொக்கி இருக்கற பக்கம், அப்பறம் நடுவுல. அழுத்தும்போது லைட் அணைஞ்சு, கையை விட்டதும் திரும்ப எரிஞ்சா ஸ்விட்ச் நல்லா இருக்குது, வயரும் நல்லா இருக்குது, ஃப்ளாப் முழுசா உள்ள போகல, அவ்வளவுதான். அழுத்துனாலும் ஒரு மாத்தமும் இல்லைனா ஸ்விட்ச் பக்கம் சந்தேகப்படலாம். இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிசங்கூட ஆகாது, ஆனா இதை பண்ணாமலேயே சென்சார் மாத்தற ஆளுக நெறைய.

அடுத்தது லீவர். மூடுன நெலைல லைட் எரியும்போது லீவரை கையால கீழ அமுக்கிவிட்டுட்டு ஃப்ளாப்பை இன்னொருக்கா மூடிப் பாருங்க. லைட் அணைஞ்சுதுன்னா கேபிள் தானா திரும்பி வர்றதில்லைன்னு உறுதி. நல்ல லீவர் தூக்கி விட்டா டக்னு சத்தத்தோட தானா கீழ விழும். மெதுவா எறங்குனா இல்ல பாதில நின்னா கேபிள் பிடிக்குது. தொளதொளன்னு எந்த எதிர்ப்பும் இல்லாம ஆடுனா அது வேற கதை, கேபிள் அந்துருக்கும் இல்ல அவுட்டர் கிளிப்ல இருந்து கழண்டிருக்கும்.

மூணாவது, ஃப்ளாப்பை தொறந்து வெச்சுட்டு அந்த பின்னை விரல்ல உள்ள அமுக்கி விடுங்க. பட்டுனு வெளிய வரோணும். வந்துட்டா பின்னும் ஸ்பிரிங்கும் நல்லா இருக்குது. சோம்பேறியா வந்தா பின்னுலயே துரு, இல்ல கேபிள் அதை பின்னால பிடிச்சு வெச்சிருக்குது. லீவரை ஒருக்கா தூக்கி விட்டதுக்கப்பறம் பின் எவ்வளவு வெளிய நிக்குதுன்னு பாத்துக்கோங்க, லீவரை கீழ தள்ளிவிட்டுட்டு மறுபடியும் பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா கேபிள்தான்.

எங்க மாமா ஒருத்தரு பல்லடத்துக்குப் பக்கத்துல தறி ஓட்டறாரு, அவரு வண்டில இதே கெரகம்தான் வந்துச்சு, அதை முழுசா சொல்றேன், உங்களுக்கு ஒவ்வொரு படியும் வெளங்கும். மொதல்ல லைட் எப்பவும் எரியல, வேகத்தடை ஏறி எறங்குனா எரியும், கொஞ்ச தூரம் போனா சில சமயம் அணையும். அவரு வயர் லூசுன்னு விட்டுட்டாரு. ரொம்ப மாசம் அப்படியே ஓட்டுனாரு. மழைக்காலம் முடியறப்ப லைட் அணையறதே இல்லைன்னு ஆயிருச்சு, அப்பத்தான் என்கிட்ட கொண்டு வந்தாரு.

கட்டைவிரல் சோதனை பண்ணும்போது அழுத்துனா ஒரு தரம் அணையுது, அடுத்த தரம் அணையல. இப்படி ரெண்டுங்கெட்டானா வந்தா ரெண்டு எடத்துலயும் கோளாறு இருக்குதுன்னு எடுத்துக்கோணும், ஆனா வேலை ஆரம்பிக்கறது கேபிள்ல இருந்துதான். லீவர் பாதிலயே நின்னுச்சு. பின் முக்கால்வாசி தூரம்தான் வெளிய வந்துச்சு.

கேபிள்ல கை வெக்கறதுக்கு முன்னாடி ஃப்ளாப்பை தொறந்து, மறுபடி மூடிக்காத மாதிரி கொக்கி மேல ஒரு துணியை சுத்தி வெச்சிருங்க. இதை மறந்துட்டு கேபிளை கழட்டிப்போட்டு ஃப்ளாப் தானா மூடிக்கிச்சுன்னா அப்பறம் தொறக்கறது பெரிய பாடு. சில வண்டில டிக்கிக்குள்ள அந்தப் பக்கத்து டிரிம்முக்குப் பின்னால அவசரத்துக்கு இழுக்கற ஒரு சின்ன கயிறோ வளையமோ குடுத்திருப்பாங்க, உங்க வண்டில இருக்குதான்னு இப்பவே பாத்து வெச்சுக்கறது நல்லது. அது இல்லாத வண்டில ஒருத்தரு லீவரை தூக்கிப் பிடிக்க இன்னொருத்தரு ஃப்ளாப்புக்குப் பக்கத்துல உள்ளங்கையால லேசா தட்டுனா பல நேரம் விட்டுக்குடுக்கும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பாதீங்க, பெயிண்ட்டும் போகும், கீலும் வளைஞ்சுரும்.

அப்பறம் டிக்கில இடது பக்க டிரிம்மை கொஞ்சம் விலக்குனா லாக் பின்னோட பின்பக்கம் தெரியும். நெறைய மாடல்ல அந்த பின் யூனிட்டை கால் சுத்து திருப்புனா கைக்கு வந்துரும், ஸ்க்ரூ கூட இருக்காது. கேபிள் முனையை அதுல இருந்து கழட்டுங்க. இப்ப மூணு சாமானும் தனித்தனி, எது பிடிக்குதுன்னு இங்கதான் தெரியும். பின்னை மட்டும் கைல அமுக்கிப் பாத்தா மாமா வண்டில அது நல்லாவே துள்ளிச்சு. முன்னால லீவர் பக்கம் கேபிள் முனையை கழட்டிட்டு லீவரை மட்டும் ஆட்டிப் பாத்தா லேசா ஆடுச்சு. மிச்சம் கேபிள். இன்னர் ஒரு முனையை பிளையர்ல பிடிச்சு இழுத்தா வருது, அடுத்த முனைல இருந்து இழுத்தா ஒரு எடத்துல முரண்டு பிடிக்குது. ஒவ்வொரு தரமும் அதே எடம்.

ஒரே எடத்துல பிடிச்சா அது அழுக்கு இல்லீங்க, நசுங்கல். அழுக்கோ துருவோ இருந்தா முழு நீளத்துக்கும் சொரசொரன்னு இருக்கும். கதவோரத்து பட்டியை கழட்டிப் பாத்தா சங்கதி தெரிஞ்சுது. வண்டி வாங்கின புதுசுல உள்ள முழுசுக்கும் தடிமனான மேட்டிங் ஒட்டியிருக்காரு, அந்த வேலைக்கு பட்டியை கழட்டி மாட்டுனவங்க கேபிளை அதோட கிளிப்புல திரும்ப உக்கார வெக்கல, மேட்டிங் மடிப்புக்கும் பட்டிக்கும் நடுவுல கேபிள் மாட்டி அவுட்டர் சப்பையாயிருச்சு. மொதல் ரெண்டு மூணு வருசம் ஓடிருக்குது, அப்பறம் உள்ள இருக்கற பிளாஸ்டிக் உறை தேஞ்சு இன்னர் உரச ஆரம்பிச்சிருக்குது. நம்ம பக்கம் புது வண்டி வாங்குனா மொதல் வேலையே மேட்டிங், ஸ்பீக்கர், சீட் கவர்னு கெளம்பறோம், ஏறக்குறைய அத்தனை வேலைக்கும் இந்த பட்டியை கழட்டித்தான் ஆகோணும். உங்க வண்டில அப்படி ஏதாச்சும் வேலை நடந்திருந்தா மொதல்ல அங்கதான் பாக்கோணும்.

நசுங்குன அவுட்டரை பிளையர்ல உருட்டி சரி பண்ணலாம்னு சில மெக்கானிக் சொல்வாங்க. கொஞ்ச நாள் ஓடும், ஆனா உள் உறை கிழிஞ்சிருந்தா மறுபடி பிடிக்கும், அதனால கேபிளை மாத்தறதுதான் சரி. பெரிய விலை சாமான் இல்லீங்க, வேலைதான் எச்சு. பழைய கேபிளை உருவறதுக்கு முன்னாடி ஒரு முனைல நல்ல சணலையோ நைலான் கயிறையோ கட்டிக்கோங்க. மறு முனைல இருந்து கேபிளை உருவுனா கயிறு அந்த வழியிலயே வந்து நிக்கும், அதுல புது கேபிளைக் கட்டி இழுத்துக்கலாம், பின்சீட்டுக்கு அடில எது வழின்னு தேட வேண்டியதில்லை. போட்டதுக்கப்பறம் ஒவ்வொரு கிளிப்பையும் உக்கார வைங்க, வளைவு எல்லாம் பெருசா இருக்கட்டும், சுருக்குன்னு மடங்கக் கூடாது. லீவர் கீழ இருக்கும்போது இன்னர் கொஞ்சம் தளர்வா இருக்கோணும், ஒரு ரெண்டு மில்லிமீட்டர் சும்மா ஆடட்டும். விறைப்பா இழுத்து மாட்டுனா புது கேபிளே பின்னை கொஞ்சம் உள்ள இழுத்து வெச்சிரும், அப்ப பழைய கோளாறு புது சாமானோட திரும்ப வரும். டிரிம்மையெல்லாம் மாட்டறதுக்கு முன்னாடியே லீவரை பத்து இருவது தரம் தூக்கி விட்டு பின் முழுசா வருதான்னு பாத்துருங்க.

உங்க கேபிள்ல நசுங்கல் இல்லாம முழு நீளத்துக்கும் இறுக்கமா இருந்தா மாத்தறதுக்கு முன்னாடி ஒருக்கா சுத்தம் பண்ணிப் பாக்கலாம். ஒரு முனையை உசரமா தூக்கிக் கட்டிட்டு மேல இருந்து சிலிகான் ஸ்ப்ரேயை அந்த சின்ன குழாய் வெச்சு உள்ள விட்டு, இன்னரை மேலயும் கீழயும் இழுத்துட்டே இருங்க, கீழ் முனைல துருத்தண்ணி மாதிரி வரும், தெளிவா வர்ற வரைக்கும் பண்ணுங்க. டபிள்யூடி-40 அடிச்சா உடனே லேசாகும், ஈரத்தை விரட்டும், துருவை எளக்கும், ஆனா மசகா ரொம்ப நாள் நிக்காது, அதனால அதுக்கப்பறம் சிலிகான் அடிக்காம விட்றாதீங்க. கிரீஸ் மட்டும் கேபிளுக்குள்ள திணிக்காதீங்க. நம்ம திருப்பூர், பல்லடம், கரூர் பக்கம் காத்துலயே பஞ்சுத் தூசி, அதுல செம்மண் புழுதி வேற, கிரீஸ் இது ரெண்டையும் பிடிச்சு ஒரு கெட்டிப் பசையா ஆக்கிரும், ஒரு கோடை போனா முன்னைவிட மோசமாயிரும். பின்னோட மூக்குலயும் கொக்கிலயும் மட்டும் விரல் நுனில தொட்டு கொஞ்சூண்டு வெள்ளை கிரீஸ் வெக்கலாம், அதுகூட எச்சா போனா தொடைச்சிருங்க. இந்த ஸ்ப்ரே எல்லாமே தீப்பிடிக்கக் கூடியது, வேலை செய்யற எடமோ பெட்ரோல் வாய்க்குப் பக்கம். கேப்பை இறுக்கி மூடிட்டு, சாவியை எடுத்துட்டு, வெட்ட வெளில பண்ணுங்க.

சரி, மாமா வண்டிக்கு கேபிள் மாத்தியாச்சு, பின் டக்குன்னு வருது, ஃப்ளாப் பாடியோட சமமா உக்காந்துச்சு, ஆனா லைட் இன்னும் எரியுது. இந்த எடத்துலதான் நெறைய பேரு கேபிள் வேலை வீணாப் போச்சுன்னு நினைச்சுருவாங்க. அப்படியில்லீங்க. கேபிள் பிடிச்சதுனால ஃப்ளாப் இத்தனை மாசம் கொஞ்சம் தூக்கலாவே நின்னிருக்குது, அந்த இடுக்கு வழியா மழைத்தண்ணியும் வாட்டர் சர்வீஸ்ல அடிக்கற பிரஷர் தண்ணியும் உள்ள போயிருக்குது. ஃப்ளாப்புக்கு உள்ள இருக்கற அந்தக் குழிக்கு அடில தண்ணி வெளியேற ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது பஞ்சும் மண்ணும் சேந்து அடைச்சுக் கெடந்துச்சு. தண்ணி நிக்க நிக்க ஸ்விட்சுக்குள்ள எறங்கிருச்சு. கேபிள் கெட்டுதான் ஸ்விட்ச் கெட்டுச்சு. உங்க ஃப்ளாப்பையும் தொறந்து அந்த ஓட்டையை பாருங்க, ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் குச்சியோ ஒயர் கட்டற டையோ விட்டு குத்திட்டு கொஞ்சம் தண்ணி ஊத்துனா அடில சொட்டோணும்.

ஸ்விட்சை சோதிக்க அதுல வயர் வந்து மாட்டற கப்ளரை கழட்டுங்க, அது டிக்கி டிரிம்முக்கு உள்பக்கம்தான் இருக்கும். உள்ள பச்சையா பாசி புடிச்சாப்பல இருந்தா அது செம்பு அரிச்சது. காண்டாக்ட் கிளீனர் அடிச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சு காய வைங்க. கேபிளுக்கு அடிச்ச அதே சிலிகானையோ எண்ணெயையோ இதுக்குள்ள அடிச்சுறாதீங்க, தொடுமுனைல படலம் கட்டிக்கும். அப்பறம் மல்டிமீட்டரை பீப் சத்தம் வர்ற நெலைல வெச்சு ஸ்விட்சோட ரெண்டு பின்னுலயும் தொட்டு பிளஞ்சரை அமுக்கி விட்டுப் பாருங்க. சில வண்டில அமுக்குனா கத்தும், சில வண்டில விட்டா கத்தும், அது அந்த வண்டியோட வயரிங்கைப் பொறுத்தது. எப்படி இருந்தாலும் அமுக்கறதுக்கும் விடறதுக்கும் நடுவுல மாத்தம் வரோணும். வராம ஒரே நெலைல நின்னா ஸ்விட்ச் போச்சு, இப்ப தைரியமா மாத்துங்க. மாமா வண்டில அமுக்குனாலும் விட்டாலும் கத்திட்டே இருந்துச்சு, தண்ணி எறங்கி உள்ள தொடுமுனை ரெண்டும் ஒட்டிக்கிச்சு, ஸ்விட்சை மாத்துனதும் லைட் அணைஞ்சுது.

ஸ்விட்சும் நல்லா இருந்து லைட் எரிஞ்சா ரெண்டே சாத்தியம் மிச்சம். ஒண்ணு, ஃப்ளாப் ஸ்விட்சை போதுமான அளவு அமுக்கல. ஃப்ளாப்போட உள்பக்கம் ஸ்விட்சைத் தொடற எடத்துல நாலா மடிச்ச அட்டைத் துண்டை டேப் போட்டு ஒட்டி மூடிப் பாருங்க, லைட் அணைஞ்சா அங்க ஒட்டியிருந்த ரப்பர் பட்டன் விழுந்திருக்கோணும், இல்ல கீல் வளைஞ்சிருக்கோணும். பங்க்ல கேப்பை ஃப்ளாப் மேல தொங்கவிட்டுட்டு அப்படியே மூடப் பாக்கறதுல கீல் வளையறது ரொம்ப சகஜம். அட்டையோட நிறுத்திக்காதீங்க, அது சோதனைக்கு மட்டுந்தான், ரப்பரை வாங்கிப் போடுங்க. ரெண்டு, வயர். தொறந்தா ஸ்விட்ச் எர்த் குடுத்து லைட் எரியற மாதிரி வயர் பண்ணுன வண்டில கப்ளரை கழட்டுனாலே லைட் அணையோணும், கழட்டியும் எரிஞ்சா வயர் எங்கயோ பாடில உரசி எர்த் ஆகுது, டிக்கி டிரிம் ஓரத்துல தேடுங்க. அமுக்குனா கத்தற ஸ்விட்ச் இருக்கற வண்டில கப்ளரை கழட்டுனா லைட் எரியத்தான் செய்யும், அதைப் பாத்து வயர் போச்சுன்னு முடிவு பண்ணிறாதீங்க, அங்க தேட வேண்டியது அந்து போன வயரைத்தான்.

அப்படியே ஓட்டலாமான்னா, பெட்ரோல் வண்டியோ டீசல் வண்டியோ உள்ள இருக்கற கேப் இறுக்கமா இருந்தா எண்ணெய் சிந்தாது, வண்டி நிக்காது, ஒரு வாரம் பத்து நாள் ஓட்டறதுல ஆபத்து இல்ல. ஆனா மழைல ஓட்டுனா மாமா வண்டி மாதிரி ஸ்விட்சும் சேந்து போகும், அதனால வேலை நடக்கற வரைக்கும் ஃப்ளாப் ஓரத்துல ஒரு டேப் ஒட்டி வைங்க, பிரஷர் தண்ணி அந்தப் பக்கம் அடிக்க வேண்டாம்னு சொல்லிருங்க.

உங்களது கம்பெனில இருந்தே சிஎன்ஜி போட்டு வந்த வண்டியா இருந்தா மட்டும் தள்ளிப்போடாதீங்க. அதுல ஃப்ளாப்புல இருக்கற மைக்ரோ ஸ்விட்ச் லைட்டுக்கு மட்டும் இல்ல, ஃப்ளாப் தொறந்திருந்தா இஞ்சினே ஸ்டார்ட் ஆகாத மாதிரி வெச்சிருக்காங்க. கேஸ் 200 பார் அழுத்தத்துல ஏறுது, குழாய் மாட்டியிருக்கும்போதே யாராச்சும் வண்டியை எடுத்துறக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. ஸ்விட்ச் வயரை முறுக்கி நேரா இணைச்சு விட்டா லைட்டும் அணையும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும்னு சொல்ற ஆளுக இருக்காங்க, அந்த வேலைக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, அது குழாயோட வண்டி நகர்றதை தடுக்கற பூட்டை ஒடைக்கற வேலை. வெளிய கிட் போட்ட வண்டில கேஸ் ஏத்தற வாய் பானெட்டுக்குள்ள இருக்கறதும் உண்டு, அங்க இந்த ஃப்ளாப் ஸ்விட்சுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இருக்காது. கம்பெனி சிஎன்ஜி வண்டி காலைல சாவி திருப்பியும் சத்தமே இல்லாம நின்னுச்சுன்னா பேட்டரிக்காரரைக் கூப்படறதுக்கு முன்னாடி எறங்கிப் போயி ஃப்ளாப்பை ஒருக்கா அழுத்தி மூடிட்டு மறுபடி சாவி போட்டுப் பாருங்க.